ஆறு நிமிடப் படத்துக்கு எட்டு வாரத் திட்டம்

(அறக்கட்டளையின் குறும்படக் குழுவுக்கும் அவர்களுடைய குடும்பத்தினருக்கும் மதரஸா மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



நம்முடைய கல்வி உதவித் திட்டத்தைப் பற்றி ஒரு குறும்படம் எடுப்பதென்று நிர்வாகக் குழு தீர்மானித்திருக்கிறது. எடுக்கப் போவது முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகள். கேமரா நுழையப் போவது உங்களில் சிலருடைய வீட்டுக்குள். ஆகவேதான் குழுவை மட்டும் அழைக்காமல் குடும்பத்தோடு அழைத்தோம். இதற்கு முன் நாம் இரண்டு படங்கள் எடுத்திருக்கிறோம். ஒன்றைத்தான் நீங்கள் பார்த்தீர்கள், அது தையல் பயிற்சி நிலையத்தைப் பற்றியது. அதற்கு முன்னால் எடுத்த படத்தை யாரும் பார்க்கவில்லை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

யாரும் பார்க்காத படம்

வட்டியில்லாக் கடன் வாங்கிப் பலகாரக் கடை வைத்த ஒரு சகோதரியைப் பற்றிய படம் அது. வாய்மொழியாகச் சம்மதம் கேட்டோம், அவரும் தலையசைத்தார். ஒரே நாளில் காலையிலிருந்து இரவு வரை படம் பிடித்தோம். எழுத்தில் ஒன்றும் இல்லை. "போய்ப் பார்த்துக்கொள்ளலாம், எடிட்டிங்கில் சரி செய்துகொள்ளலாம்" என்று சொன்னவன் நான்தான்.

எடிட்டர் முதல் வடிவத்தை அனுப்பினார். அதை நான் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஒருவர் நீளம் அதிகம் என்றார், இன்னொருவர் தலைவருடைய பேச்சு போதவில்லை என்றார். ஒருவர் சொல்லி மாற்றியதை மற்றவர் சொல்லித் திரும்ப மாற்றினோம். இப்படியே பதினோரு வடிவங்கள் ஆகிவிட்டன. ஒன்பதாவது வடிவம் வந்தபோது பெரியவர் ஒருவர், பின்னணியில் இசைக்கருவி ஒலிக்கிறதே, இதைப் பள்ளிவாசல் வளாகத்தில் எப்படிப் போடுவீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்விதான், கேட்ட நேரம்தான் பிந்திவிட்டது. இசையை எடுத்த பிறகு படம் ஊமையாகிவிட்டது. இசை போடத்தானே போகிறோம் என்று எண்ணெய்ச் சட்டியின் சத்தத்தையோ தெருவின் சத்தத்தையோ நாங்கள் ஒழுங்காகப் பதிவு செய்திருக்கவில்லை.

கூட்டத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது அந்தச் சகோதரி என் வீட்டுக்கு வந்தார். "அண்ணே, படத்தில என்னைக் காட்டாதீங்க. மகளைப் பெண் பார்க்க வர்றாங்க. கடன் வாங்கின வீடுன்னு தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?" என்றார். நான் எடிட்டரிடம் சொல்லி முகத்தை மங்கலாக்கச் செய்தேன். பார்த்தால், செய்தியில் குற்றவாளியைக் காட்டுகிற மாதிரி இருந்தது. ஊரில் மானத்தோடு வாழ்கிற ஒரு பெண்ணை அப்படியொரு உருவமாக ஆக்கிவிட்டோமே என்று எனக்கே கை நடுங்கியது. படத்தை நிறுத்திவிட்டோம். நல்லவேளையாக, அதற்கான செலவு ஜகாத் நிதியிலிருந்தோ பைத்துல்மாலிலிருந்தோ வரவில்லை. நண்பர்கள் சிலர் தனியாகத் தந்த பணம் அது. என்றாலும் அமானிதம் அமானிதம்தானே.

அந்தப் படம் கெட்டதற்குக் கேமராவும் காரணமில்லை, எடிட்டரும் காரணமில்லை. தாளில் எடுத்திருக்க வேண்டிய முடிவுகளைக் கடைசி வாரத்துக்குத் தள்ளியதுதான் காரணம். தையல் நிலையப் படத்தில் அந்த வரிசையை மாற்றினோம். எட்டு வாரம் போட்டோம். முதல் நான்கு வாரம் தாளிலும் நேரில் பார்ப்பதிலும் போயிற்று. ஐந்தாவது வாரத்தில் இரண்டு நாள் படப்பிடிப்பு. மீதி மூன்று வாரம் தொகுப்பும் ஒப்புதலும். அதை எப்படிச் செய்தோம் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

தாளில் முடிய வேண்டியவை

முதலில் ஒரே வாக்கியம் எழுதினோம்: "கணவரை இழந்த ஒரு பெண், ஆறு மாதப் பயிற்சிக்குப் பிறகு, தன் கையால் முதல் கூலி வாங்குகிறாள்." இந்த வாக்கியத்துக்கு வெளியே இருப்பது எதுவும் படத்தில் வராது என்று முடிவு செய்தோம். அறக்கட்டளையின் வரலாறு, கட்டடத் திறப்பு விழா, நன்கொடையாளர் வரிசை எல்லாம் அங்கேயே கழிந்தன.

பிறகு ஸ்கிரிப்ட். தாளை இரண்டு பத்தியாகப் பிரித்து, இடப்பக்கம் கண்ணுக்குத் தெரிவதையும் வலப்பக்கம் காதில் விழுவதையும் எழுதினோம். இப்படி எழுதினால் ஓட்டைகள் தாமாகவே தெரிந்துவிடும். வலப்பக்கம் ஒரு நிமிடம் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும், இடப்பக்கம் வெறுமையாக இருக்கும். அந்த ஒரு நிமிடமும் திரையில் எதைப் பார்ப்பது? அதற்கான காட்சியை இப்போது எழுதாவிட்டால், படப்பிடிப்பு அன்று யாருக்கும் நினைவு வராது. எழுதி முடித்ததும் ஒருவர் கடிகாரத்தை வைத்துக்கொண்டு சத்தமாகப் படிக்க வேண்டும். மனதுக்குள் படித்தால் நான்கு நிமிடம் போலத் தோன்றுவது, மூச்சு விட்டு நிதானமாகப் படித்தால் ஆறரை நிமிடம் வரும். எங்களுக்கு அப்படித்தான் வந்தது. பேச்சைப் பாதியாகக் குறைத்தோம்.

இந்த நேரத்தில் மூன்று முடிவுகளை எடுத்து, எழுதிக் கையெழுத்திட்டோம்.

முதலாவது இசை. ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டு, இசைக்கருவி வேண்டாம் என்று முடிவு செய்தோம். இந்த ஒரு வரி படப்பிடிப்பின் வேலையையே மாற்றுகிறது. இசை இல்லாத படத்தில் உயிர் கொடுப்பது இடத்தின் ஓசைதான்: தையல் மெஷின் ஓடுவது, கத்தரிக்கோல் துணியைக் கிழிப்பது, மாடிப்படியில் செருப்புச் சத்தம். இவற்றைத் தனியாக, மைக்கைப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்ய நேரம் ஒதுக்க வேண்டும். தேர்ந்த ஆள் ஒருவர் ஒலிக்கென்றே வேண்டும். அதனால் கேமரா வாடகையில் குறைத்து, ஒலிப்பதிவாளருக்குக் கொடுத்தோம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். "இசைதானே கூடாது, யூடியூபிலிருந்து ஒரு நஷீத் எடுத்துப் போடலாமே" என்று ஒரு தம்பி கேட்டார். அதைப் பாடியவருக்கும் வெளியிட்டவருக்கும் அதில் உரிமை உண்டு. அனுமதி வாங்காமல் எடுத்தால் அது அடுத்தவர் பொருள்.

இரண்டாவது, முகம். படத்தில் வரும் சகோதரியிடம் எங்கள் மகளிர் குழு உறுப்பினர் ஒருவர் தனியாகப் போய்ப் பேசினார். நான்கு வழிகளைச் சொன்னார்: முகத்தோடு வரலாம், முகம் தெரியாமல் குரலோடு மட்டும் வரலாம், குரலையும் வேறொருவர் பேசலாம், வரவே வேண்டாம் என்றும் சொல்லலாம். எதைச் சொன்னாலும் உதவி நிற்காது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அதைச் சொல்லாமல் கேட்கிற சம்மதம் சம்மதமே இல்லை. உதவி வாங்குகிறவர் உதவி செய்கிறவரிடம் எப்படி முடியாது என்பார்? அவர் யோசித்து இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தார். ஆகவே படம் முழுவதும் கைகள், தோளுக்குப் பின்னாலிருந்து காட்சி, ஜன்னல் வெளிச்சத்தில் நிழலுருவம் என்று திட்டமிட்டோம். முதல் படத்தில் பின்னால் மறைத்தோம். இதில் முன்னாலேயே கேமராவை அதற்கேற்ற இடத்தில் வைத்தோம். பார்த்தவர்கள் யாரும் ஏதோ மறைக்கப்பட்டிருக்கிறது என்று உணரவில்லை. ஒரு பெண் வேலை செய்வதை அருகிலிருந்து பார்த்ததாகவே உணர்ந்தார்கள்.

முகம் மட்டும் அடையாளம் இல்லை என்பதையும் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். கதவிலுள்ள வீட்டு எண், சுவரில் மாட்டிய புகைப்படம், பிள்ளையின் பள்ளிச் சீருடை, மேஜை மேல் கிடக்கும் ரேஷன் கார்டு, இவற்றில் ஒன்று போதும், ஊரில் யாரென்று தெரிந்துவிடும்.

மூன்றாவது, யார் ஒப்புதல் தருவது என்பது. தலைவர், ஹஜ்ரத், மகளிர் குழுவிலிருந்து ஒருவர், ஆக மூவர். அவர்களுடைய கருத்துகளைத் திரட்டி எடிட்டருக்குச் சொல்வது நான் ஒருவன் மட்டும். இதைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன்.

இடத்தைப் பார்க்கப் போவது

ஸ்கிரிப்டை மூவரும் ஒப்புக்கொண்ட பிறகுதான் இடம் பார்க்கப் போனோம். படப்பிடிப்பு எந்த நேரத்தில் நடக்குமோ அதே நேரத்தில் போக வேண்டும். தையல் நிலையம் முதல் மாடியில், கிழக்கு பார்த்த ஜன்னல்களோடு இருக்கிறது. காலை ஏழரையிலிருந்து பத்து மணி வரை அருமையான வெளிச்சம். நண்பகலுக்குப் பிறகு உள்ளே இருட்டு. மாலையில் போய்ப் பார்த்திருந்தால், இந்த இடம் ஆகாது என்று திரும்பியிருப்போம்.

வெளிச்சத்தைப் பார்த்த பிறகு எல்லோரும் பேசாமல் இரண்டு நிமிடம் கண்ணை மூடி நிற்க வேண்டும். அப்போதுதான் அந்த இடத்தின் சத்தங்கள் தெரியும். எங்களுக்குத் தெரிந்தவை: மேலே ஓடும் மின்விசிறி, பக்கத்து அறைக் குளிர்பதனப் பெட்டி, கீழே மாவு மில். மின்விசிறியை நிறுத்தலாம். மில்லை நிறுத்த முடியாது. மில்காரரிடம் விசாரித்தோம். காலை பத்தரைக்குத்தான் திறப்பாராம். ஆகவே பேட்டி பத்தரைக்குள் முடிய வேண்டும்.

பிறகு பாங்கு. நம் தெருவில் மூன்று பள்ளிவாசல்களின் பாங்கு அடுத்தடுத்துக் கேட்கும். பேட்டிக்குப் பின்னால் பாங்கு ஒலித்தால், அந்தப் பேச்சை எடிட்டர் வெட்டி ஒட்ட முடியாது. ஒரு வாக்கியத்தில் பாங்கு பாதியில் இருக்கும், அடுத்த வாக்கியத்தில் இல்லாமல் போகும். பாங்கைத் துண்டு துண்டாக வெட்டுவதும் அதற்குரிய மரியாதை ஆகாது. ஆகவே லுஹர் பாங்குக்குப் பத்து நிமிடம் முன்னதாகப் பதிவை நிறுத்தி, தொழுகையும் சாப்பாடும் முடித்து வருவதென்று நேரத்தை அமைத்தோம். அந்த வேளையில் எப்படியும் வெளிச்சம் உச்சியிலிருந்து விழுந்து முகத்திலும் கையிலும் கருநிழல் போடும். ஒன்றரை மணி நேரம் நிறுத்துவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

படப்பிடிப்பு நாட்கள்

'கால்ஷீட்' என்றால் நடிகர் தருகிற தேதி என்றுதான் நாம் பத்திரிகையில் படித்திருக்கிறோம். உண்மையில் அது ஒரு தாள். முந்தின நாள் இரவே எல்லோர் கைக்கும் போக வேண்டியது. யார், எத்தனை மணிக்கு, எங்கே, எதைக் கொண்டு வர வேண்டும், எந்தக் காட்சிக்குப் பிறகு எந்தக் காட்சி, சாப்பாடு எப்போது என்று ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். கதையின் வரிசையில் எடுக்கக் கூடாது, இடத்தின் வரிசையில் எடுக்க வேண்டும். எங்கள் கதையில் தையல் நிலையம் தொடக்கத்திலும் வருகிறது, முடிவிலும் வருகிறது. இரண்டையும் முதல் நாள் காலையிலேயே எடுத்தோம். வீடும் கடைத்தெருவும் இரண்டாம் நாள்.

முதல் நாள் தாள் இப்படி இருந்தது. ஆறரைக்குக் குழு வருகிறது. ஒரு மணி நேரம் சாமான் இறக்கி, வெளிச்சம் பார்த்து, ஒலியைச் சோதிக்கிறது. ஏழரையிலிருந்து ஒன்பது வரை கைகளின் நெருக்கக் காட்சிகள். ஒன்பதேகாலிலிருந்து பத்தேகால் வரை பேட்டி. பிறகு மில் சத்தம் வந்தாலும் பாதிக்காத காட்சிகள். லுஹருக்கு நிறுத்தம். மூன்று மணியிலிருந்து அஸர் வரை படிக்கட்டு, வாசல், வெளித்தோற்றம். புதிய பிள்ளைகள் ஒரு நாளில் ஐம்பது ஷாட் எடுக்கலாம் என்று கணக்குப் போடுவார்கள். கேமராவை நகர்த்தி, விளக்கைத் திருப்பி, மைக்கை மாற்ற ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். எங்களுக்கு இருபத்திரண்டு வந்தது. அதற்கே வேகமாக ஓடினோம்.

பேட்டியில் ஒரு சிக்கல் வந்தது. காலர் மைக்கைச் சகோதரியின் தலைத்துணிக்குள் வைத்திருந்தோம். காதில் ஹெட்போன் மாட்டியிருந்த ஒலிப்பதிவாளர் இரண்டாவது நிமிடத்திலேயே கையைத் தூக்கிவிட்டார். துணி மைக்கில் உரசி, காய்ந்த இலை நொறுங்குவது போலச் சத்தம். அதைப் பின்னால் சுத்தம் செய்வது கடினம், குரலும் சேர்ந்தே கெடும். மகளிர் குழு உறுப்பினர் மைக்கைத் துணிக்கு வெளியே மாற்றி, வயரை ஒரு சுற்றுச் சுற்றி டேப் ஒட்டினார். முகம் திரையில் வராததால் மைக் வெளியே தெரிவதும் சிக்கலாகவில்லை. ஹெட்போன் மாட்ட ஒருவர் இல்லாமலிருந்தால், இதை வீட்டுக்கு வந்த பிறகுதான் கண்டுபிடித்திருப்போம். ஒலியைப் பதிவுக் கருவியின் முள்ளைப் பார்த்து மட்டும் நம்பக் கூடாது. முள் அளவைத்தான் காட்டும், உரசலைக் காட்டாது.

பேட்டி முடிந்ததும் எல்லோரும் அசையாமல் இருக்க, அந்த அறையின் வெறும் அமைதியை ஒரு நிமிடம் பதிவு செய்தோம். எந்த அறையிலும் அமைதி என்பது வெறுமை அல்ல, மெல்லிய இரைச்சல் ஒன்று இருக்கும். எடிட்டர் இரண்டு பேச்சுகளை ஒட்டும்போது நடுவில் விழும் இடைவெளியை இந்த இரைச்சலால்தான் நிரப்புவார். இது இல்லாவிட்டால் ஒட்டிய இடமெல்லாம் காதில் குழியாக விழும். குளிர்பதனப் பெட்டியை நிறுத்தும்போது ஸ்கூட்டர் சாவியை அதற்குள் வைத்துவிட வேண்டும் என்று ஒலிப்பதிவாளர் சொல்லிக்கொடுத்தார். சாவி இல்லாமல் கிளம்ப முடியாது, ஆகவே பெட்டியைத் திரும்பப் போட மறக்க முடியாது. அடுத்தவர் வீட்டுப் பாலும் கறியும் கெட்டுப் போகாது.

மாலையில் மெமரி கார்டுகளை இரண்டு ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்தோம். ஒன்றை ஒரு தம்பி தன் வீட்டுக்கும், மற்றதை நான் என் வீட்டுக்கும் கொண்டு போனோம். இரண்டிலிருந்தும் கோப்புகளை ஓட்டிப் பார்த்த பிறகுதான் கார்டை அழித்தோம். ஒரே பையில் இரண்டு டிஸ்க்கையும் வைத்தால் அது ஒரு நகல்தான். ஏனென்றால் பை தொலைந்தால் இரண்டுமே போகும்.

தொகுப்பு மேஜை

இரண்டு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் காட்சி சேர்ந்தது. படமோ ஆறு நிமிடம். இதைக் குறைப்பதற்குக் கணினிக்கு முன்னால் ஒரு தாள் வேலை உண்டு. ஒரு பிள்ளை பேட்டியைக் கேட்டு, பேசியது பேசியபடியே எழுதி, ஒவ்வொரு பத்தியின் பக்கத்திலும் அது எந்த நிமிடத்தில் வருகிறது என்று குறித்தார். அதை அச்செடுத்து, வேண்டிய வரிகளைக் கோடிட்டு, கத்தரித்து, மேஜையில் வரிசைப்படுத்தினோம். அரை நாளில் கதை வந்துவிட்டது. எடிட்டர் அந்த வரிசைப்படி முதல் வடிவத்தைச் செய்து தந்தார். ரஃப் கட் என்பார்கள். அது ஏழு நிமிடம் ஐம்பது வினாடி வந்தது.

இதற்குப் பிறகு மெருகேற்றிய வடிவம், பிறகு 'லாக்'. லாக் என்றால் இனி படத்தின் நீளம் மாறாது என்று கையெழுத்திடுவது. அதன் பிறகுதான் ஒலிக் கலவை, நிறச் சீரமைப்பு, எழுத்துகள் எல்லாம் செய்யப்படும். ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்பீர்கள். நடுவில் ஐந்து வினாடி வெட்டினால், அதற்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொரு ஓசையும் ஒவ்வொரு எழுத்து வரியும் ஐந்து வினாடி பிந்தி நிற்கும். எல்லாவற்றையும் திரும்ப அடுக்க வேண்டும். முதல் படத்தில் பதினோரு முறை நாங்கள் எடிட்டரைச் செய்ய வைத்தது இதைத்தான். அவர் முகம் சுளித்ததன் காரணம் எனக்குப் பிறகுதான் புரிந்தது.

மூன்று சுற்று ஒப்புதல்

ஒவ்வொரு சுற்றிலும் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று எழுதி வைத்தோம்.

முதல் சுற்று ஸ்கிரிப்ட். தகவல் சரியா, மார்க்க ரீதியாக ஆட்சேபம் உண்டா, யாருடைய மனமாவது புண்படுமா? இந்த ஆட்சேபங்களைத் தாளில் ரப்பரால் அழித்துத் திருத்தலாம், காசு ஆகாது.

இரண்டாம் சுற்று ரஃப் கட். கதை புரிகிறதா, எங்கே சலிக்கிறது, எது அதிகம், எது விடுபட்டது? நிறம் வெளிறியிருக்கும், ஒலி ஏற்ற இறக்கமாக இருக்கும். அதைப் பற்றி இப்போது பேசக் கூடாது. மூவரும் மண்டபத்தில் பெரிய திரையில், போனை அணைத்துவிட்டு, நிறுத்தாமல் ஒருமுறையும் குறிப்பெடுத்துக்கொண்டு இன்னொரு முறையும் பார்த்தார்கள். அவரவர் கைப்பேசியில் பேருந்தில் பார்த்துச் சொல்லும் கருத்து உதவாது.

கருத்தை எழுதுவதற்கும் ஒரு முறை வைத்தோம். எத்தனையாவது நிமிடம், என்ன பார்த்தேன், கட்டாயம் மாற்ற வேண்டுமா அல்லது முடிந்தால் போதுமா என்று எழுத வேண்டும். "படம் கொஞ்சம் மந்தம்" என்றால் எடிட்டர் என்ன செய்வார்? "1:40 முதல் 2:20 வரை என் கவனம் போய்விட்டது" என்றால் அவருக்குப் புரியும். நோயைச் சொல்வது நம் வேலை, மருந்தைத் தேடுவது அவர் வேலை. மகளிர் குழுச் சகோதரி எழுதியது இது: "3:05. கடன் பன்னிரண்டாயிரம் என்று குரல் சொல்கிறது. பதிவேட்டில் பத்தாயிரம். கட்டாயம்." இதைவிடத் தெளிவான கருத்து வேண்டியதில்லை. தலைவர் அவர்கள் இங்கே இருக்கிறார்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்: ஒன்றரை நிமிடம் இருந்த தம் பேச்சை இருபது வினாடியாகக் குறைக்கச் சொன்னவர் அவரேதான். ஏழு ஐம்பது ஆறாகக் குறைந்ததில் பெரும்பங்கு அதுதான்.

மூவரும் தந்த கருத்துகள் முரண்பட்டால் எடிட்டரிடம் போகக் கூடாது. முதலில் மூவரும் உட்கார்ந்து பேசி ஒன்றாக்க வேண்டும். அதற்கு மூன்று நாள். மூன்று நாளில் சொல்லாதவர் ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்படும் என்று தொடக்கத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டோம்.

மூன்றாம் சுற்றுக்கு முன்னால் ஒருவருக்குப் படத்தைப் போட்டுக் காட்டினோம். அந்தச் சகோதரிக்குத்தான். அவர் வீட்டிலேயே, அவருடைய தாயாரோடும் மகனோடும், மகளிர் குழு உறுப்பினர் மட்டும் கூட இருக்க. முடியும் வரை பேசாமல் பார்த்தாராம். பிறகு ஒரே ஒரு காட்சியை எடுத்துவிடச் சொன்னார். ஜன்னல் ஓரத்தில் அவருடைய கணவரின் மூக்குக்கண்ணாடி கிடந்த காட்சி. அழகான காட்சி அது. கேமரா பிடித்த பிள்ளைக்கு அதில் பெருமை. "அது எங்க வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்" என்றாராம். இதைக் கேட்ட பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை, வந்து என்னிடம், "வெட்டிடலாம் சார்" என்றான். லாக்குக்கு முன்னால் என்பதால் நான்கு வினாடி வெட்டுவது ஐந்து நிமிட வேலையாக முடிந்தது. லாக்குக்குப் பிறகு என்றால், கூட்டம் நெருங்கிவிட்டது என்று அவரைச் சமாதானப்படுத்தத்தான் நான் போயிருப்பேன் என்று பயப்படுகிறேன்.

மூன்றாம் சுற்றில் பெயர், எண், எழுத்துப்பிழை மட்டும். நீளத்தை மாற்றாத திருத்தம் எதுவும் செய்யலாம். நன்றி அட்டையில் ஒருவர் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போனது கடைசி நாளில் தெரிந்தது. அட்டை திரையில் நிற்கும் நேரம் மாறாது, ஆகவே எழுத்தை மட்டும் மாற்றினோம். அதே நாளில் ஒருவர் நடுவில் ஒரு காட்சி சேர்க்கச் சொன்னார். தாளில் கையெழுத்தைக் காட்டினேன். அவரும் சிரித்துவிட்டார்.

இந்தப் படத்திலும் எல்லாம் நினைத்தபடி நடந்ததாகச் சொல்ல மாட்டேன். இரண்டாம் நாள் காலை மின்சாரம் போய், கடைத்தெருக் காட்சியில் பாதி அரைநாள் ஒதுக்கி வைத்திருந்த மாற்று நாளுக்குத் தள்ளிப்போயிற்று. செலவுக்கென்று வைத்ததில் நூற்றுக்குப் பத்தைத் தொடாமல் வைத்திருந்ததால் அந்த அரைநாளின் வாடகை கடனாகவில்லை. மாற்று நாளும் கையிருப்பும் இல்லாத திட்டத்தோடு தயவுசெய்து என்னிடம் வராதீர்கள்.

வீட்டாருக்கு

கடைசியாக, பிள்ளைகளுக்கு அல்ல, உங்களுக்கு. எங்கள் குழு கேமராவோடு உங்கள் வாசலுக்கு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இதை எங்கே, யாருக்குக் காட்டுவீர்கள்? முடிந்ததும் எனக்கு முதலில் காட்டுவீர்களா? வேண்டாம் என்று எதுவரை சொல்லலாம்? மூன்றுக்கும் பதில் எழுத்தில் இருக்க வேண்டும். மண்டபத்தில் மட்டும் காட்டத் தந்த சம்மதம் இணையத்தில் போடத் தந்த சம்மதமாகாது. பிள்ளைகள் வருகிற காட்சி என்றால் தாயோ தந்தையோ கையெழுத்திட வேண்டும். அதோடு பிள்ளையையும் கேட்க வேண்டும். கல்வி உதவி பெறுகிற பையன் நாளை வகுப்பில் உட்கார வேண்டியவன். பதில் திருப்தியாக இல்லையென்றால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். உதவித்தொகை வருவது வந்துகொண்டே இருக்கும். அதற்கு நான் பொறுப்பு.

பிள்ளைகளே, உங்களுக்கு இன்று ஒரே வேலை. கல்வி உதவிப் படத்துக்கு ஒரு வாக்கியம் எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த ஞாயிறு அஸருக்குப் பிறகு இதே மண்டபத்தில் படித்துப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ். கேமராவை அன்று எடுத்து வர வேண்டாம்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.